துணி அறைக்கு ஒரு நன்றிக் கடிதம்

இடது கைப் பெருவிரல் காற்சட்டையின் மடிப்பை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கை, ஊசி முனையால் ஒரு தையலைத் தூக்கி, பிளேடின் ஓரத்தால் அந்த நூலை மட்டும் அறுத்தது. அடுத்த தையல். அதற்கு அடுத்தது. துணியில் ஒரு கீறல் விழுந்தாலும் காற்சட்டையின் விலையைக் கடைதான் கொடுக்க வேண்டும் என்பதால் அந்தக் கைகள் அவசரப்படுவதில்லை. மடிப்பு முழுதும் பிரிந்ததும் உள்ளே கிடந்த தூசியைப் பழைய பல்துலக்கியால் தட்டி, புதிய நீளத்தைச் சோக்கால் குறித்து, ஒரு சிறு துண்டுச் சீட்டில் பிரெஞ்சில் எழுதி ஊசியால் குத்தின: “இரண்டு கால்களும் கட்டை. பழைய விளிம்பை வெட்டாமல் வைக்கவும். இடது கால் சற்று நீளம், வாடிக்கையாளர் அப்படித்தான் கேட்டார்.”

கோசலைக்குத் தெரிந்த பிரெஞ்சு எழுத்து அவ்வளவுதான். புதுக்குடியிருப்பில் தையல் பழகியவள். போர் முடிந்து மூன்றாம் வருடம் பாரிசுக்கு வந்து, லா ஷப்பலில் ஜெயரட்ணத்தின் துணி திருத்தும் கடையில் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்பு அங்கே இருந்த போர்த்துக்கல் பெண் விட்டுப்போன சீட்டுகளைப் பார்த்துத்தான் எழுத்துப் பழகினாள். நீளம் குறைக்க ‘கட்டை’, அகலம் குறைக்க ‘ஒடுக்கம்’, ‘உட்துணி மாற்றவும்’, ‘கறை போகாது, சொல்லியாயிற்று’. சீட்டில் தெளிவில்லை என்றால் அடுத்த நாள் காலை வேறு ஒருவர் பிழையாக வெட்டிவிடுவார். அந்தப் பயத்திலேயே அவளுடைய எழுத்து நேரானது.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் நேர்முகத்துக்குப் போய்வந்து, மதியத்துக்குப் பிறகு கடையில் உட்கார்ந்திருந்தாள். ஒபர்வில்லியேயில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் துணி அறைக்கு ஒரு ஆள் தேவை. அங்கே இருப்பவர்களின் உடுப்புகளைத் தோய்த்து, இஸ்திரி போட்டு மினுக்கி, பெயர்ப்பட்டி தைத்து, கிழிசல் பார்த்து, அறை அறையாகக் கொண்டுபோய் வைக்கும் வேலை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிந்துவிடும்.

அந்த மூன்று மணிதான் அவளுக்குத் தேவையாக இருந்தது. கணவன் வாமதேவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமையில் மூன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவான். ஆஸ்பத்திரி வண்டிக்காரன் கட்டட வாசலில் இறக்கிவிடுவான். மேலே கூட்டிக்கொண்டு போய் விடுவதும் அவன் வேலைதான், ஆனால் வாமதேவன் “நான் ஏறுவன், நீ போ” என்று அனுப்பிவிடுவான். நாலாம் மாடி, லிப்ட் இல்லை. கடை பூட்டி கோசலை வருவதற்கு இரவாகிவிடும். போன மாரியில் ஒரு நாள் அவன் இரண்டாம் மாடிப் படியில் தலை சுற்றி விழுந்து, கையில் ஊசி குத்தின இடம் திறந்து இரத்தம் ஓட, அந்த மாடியில் இருந்த ஒரு அரபுக்காரப் பெண் கண்டு துவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று டொக்டர் சொன்னார். அதற்குப் பிறகும் அவன் வண்டிக்காரனை அனுப்பிவிட்டுத்தான் ஏறுகிறான்.

இரவு சாப்பாட்டை அவன் முன்னால் வைத்தபோது கேட்டான்.

“எப்பிடி? வெள்ளைக்காரி என்ன சொன்னவ?”

“நல்லாத்தான் கதைச்சவ. மதாம் மர்கரீத். துணி அறைக்குப் பொறுப்பு. கீழ கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டினவ.”

“பிறகென்ன, முகம் இருண்டு கிடக்கு?”

கோசலை சோற்றில் உப்பில்லாத கறியை ஊற்றினாள். உப்பு, தக்காளி, வாழைப்பழம் எல்லாம் அவனுக்கு மறுக்கப்பட்டவை.

“கடைசியா ஒரு கேள்வி கேட்டவ. பிழையாச் சொல்லிப்போட்டன்.”

மர்கரீத் கேட்டது இதுதான். இங்கே ஒருவர் இறந்துபோகிறார். குடும்பத்தார் வந்து அறையை ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவருடைய உடுப்புக் கொஞ்சம் தோய்த்து வந்து உங்கள் மேசையில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

கோசலை யோசிக்கவே இல்லை. “எறிவேன்” என்றாள்.

செத்தவர் உடுத்தியதை வீட்டில் வைத்திருப்பதில்லை. கட்டிப் போடுவார்கள், அல்லது எரிப்பார்கள். சின்ன வயதிலிருந்து கண்டது அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மர்கரீத்தின் பேனா தாளில் நின்றது. அவள் ஏதோ ஒரு சொல்லை எழுதி, அடியில் கோடிழுத்தாள். பிறகு எழுந்து கை கொடுத்து, இந்தக் கிழமைக்குள் அறிவிப்போம் என்றாள்.

வாமதேவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான்.

“நல்ல பதில்தானே. செத்த வீட்டுத் துணியை ஆர் வைச்சிருக்கிறது?”

“அவையள் வைச்சிருப்பினம். தாய்ட சட்டை எண்டு கேட்டு வருவினம். அதுக்குத்தான் அந்த மனுசி கேட்டது.”

“அப்ப ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு போய்க் குடும். இனிப்பைத் திண்டிட்டு மறந்திடுவா.”

“லட்டைக் கண்டா லஞ்சம் எண்டு பொலிசுக்குப் போன் அடிப்பா.”

“பொலிசுக்கும் ரெண்டு குடும்.”

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலானது. இருமி முடித்துவிட்டு, “நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதும். இஞ்சை அப்பிடி ஒரு பழக்கம் இருக்கு. நான் றெஸ்ரோறன்ற்ல நிக்கேக்கை எங்கட முதலாளிக்கு, வேலை கேட்டு வந்த ஒரு பொடியன் எழுதினவன். பத்ரோன் அதைக் குசினியில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவர்” என்றான்.

“வேலை குடுத்தவரோ?”

“அது ஞாபகமில்லை. ஆனா அவன்ர பேர் எனக்கு இப்பவும் ஞாபகமிருக்கு.”

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அவள் துஷ்யந்தனின் கடைக்குள் நுழைந்தாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய கடை அது. போட்டோக்கொப்பி, டிக்கெட், பிரான்சிலுள்ள எல்லா அரசாங்கக் கந்தோர்களுக்கும் விண்ணப்பம். துஷ்யந்தன் முப்பத்தைந்து வயதுக்காரன். வவுனியாவிலிருந்து சட்டம் படிக்க வெளிக்கிட்டு முடிக்காமல் வந்தவன். லா ஷப்பலில் அவன் கையால் பப்பியே படிவம் நிரப்பாத குடும்பம் குறைவு. அன்று வாசல் வரை ஆட்கள் நின்றார்கள்.

“அக்கா, இண்டைக்கு ஏலாது. நாளைக்குக் காலமை வாங்கோ. நன்றிக் கடிதம்தானே? அடிச்சு வைக்கிறன். என்ன இடம், ஆற்ற பேர் எண்டு மட்டும் இதில எழுதிவிடுங்கோ.”

“தம்பி, இது கெதியாய்ப் போகவேணும். ரெண்டு நாளுக்கு மேல போனா பிரயோசனமில்லை எண்டு சொல்லுகினம்.”

“நாளைக்குப் போனா ரெண்டு நாள்தானே அக்கா.”

அவள் எழுதிக் கொடுத்து, அந்தத் துணிக் கேள்வியையும் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை அவன் தாளை நீட்டினான். நல்ல தடித்த தாள். மேலே வலது பக்கம் திகதி, இடது பக்கம் அவளுடைய பெயர், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கோசலை நின்றபடியே வாசித்தாள். அவளுக்கு எல்லாச் சொல்லும் விளங்கவில்லை. விளங்கியதை அவள் மனதுக்குள் தமிழில் திருப்பினாள்.

“பெருமதிப்புக்குரிய அம்மணி, தங்களுடைய உன்னதமான நிறுவனத்தில் தங்களைச் சந்திக்கும் பாக்கியம் கிடைத்ததை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். தங்களின் அன்பான வரவேற்பும், தங்கள் அழகிய தோட்டமும் என் உள்ளத்தைத் தொட்டன. போரினாலும் துன்பங்களினாலும் அனைத்தையும் இழந்த என்னை, தங்கள் பெருங்கருணையால் ஏற்றுக்கொள்ளும்படி தாழ்மையுடன் மன்றாடுகிறேன்…”

அவள் தாளைக் கீழே வைத்தாள்.

“தம்பி, அங்கை தோட்டமில்லை.”

“என்ன?”

“தோட்டமில்லை. கார் விடுற இடம்தான். ரெண்டு மரம் தொட்டியில நிக்குது.”

துஷ்யந்தன் கணினித் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். “அது முந்தி வேற ஒராளுக்கு அடிச்சது அக்கா. எடுத்துவிடுறன்.”

“வேற ஆள் எண்டா?”

“உங்களோட அதே வேலைக்கு வந்தவதானே. கார்ஜிலயிருந்து, வசந்தரூபி அக்கா. நேற்றுக் காலமை முதலாவதா வந்தவ. இருந்து வாசிச்சிட்டு நல்லாயிருக்கு எண்டா. இஞ்சை இருந்தே மெயில்ல அனுப்பிவிட்டன்.”

வசந்தரூபியைக் கோசலைக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை இல்லத்தின் நடைவழியில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். கார்ஜ் லே கொனெஸிலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்திருந்தாள். மட்டக்களப்புப் பக்கம். கைப்பையில் தான் தைத்த இரண்டு குழந்தைச் சட்டைகளைக் காட்டுவதற்குக் கொண்டுவந்திருந்தாள்.

“அப்ப இதே கடிதம் அந்த மதாமிட்டை போய்ச் சேர்ந்திட்டுது.”

“பேர் வேற அக்கா.”

“பேர் மட்டும் வேற.”

“ப்ரெபெக்சர் கந்தோருக்கு நான் ஒரே கடிதத்தை எத்தினை பேருக்கு அடிச்சிருப்பன்? ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை. அவையளுக்கு அப்பிடி எழுதினாத்தான் விளங்கும்.”

அவன் சொன்னது பொய்யில்லை. கந்தோர்க் கவுண்டரில் கடிதத்தை யாரும் வாசிப்பதில்லை. இருக்கிறதா, கையெழுத்து உள்ளதா என்று பார்த்துத் துளை போட்டுக் கோப்பு மட்டையில் செருகுவார்கள். இத்தனை வருடமும் இந்தத் தெருவில் எழுதப்பட்ட கடிதங்கள் எல்லாம் அந்த மட்டைகளுக்காகவே எழுதப்பட்டவை. மன்றாட்டும் துன்பமும் கூடினால் நல்லது என்பதே எல்லோருடைய கணக்கு. ஆனால் மர்கரீத் ஒரு ஆள். அவளே இரண்டையும் திறப்பாள்.

துஷ்யந்தன் விடவில்லை. “சரி, இதை மாத்தி உங்கட கதையைப் போடுவம். அந்தத் துணிக் கேள்வியைச் சொன்னனீங்கள்தானே. ஏன் எறிவன் எண்டு சொன்னனீங்கள்? முகாமில ஏதும் நடந்ததோ?”

கோசலை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, கடையில் வேறு ஆள் இல்லாததால் சொன்னாள். போர் முடிந்து முகாமுக்கு வந்த பிறகு ஒரு பெண் அவளைத் தேடி வந்து ஒரு பாவாடையைத் தந்தாள். தங்கச்சியுடையது. விளிம்பில் இருந்த தையல் கோசலை தைத்தது. அதைப் பார்த்துத்தான் தங்கச்சி இல்லை என்று அறிந்தாள். உடல் இல்லை, இடமும் தெரியாது. குடிக்கத் தந்த தண்ணீரில் மிச்சம் பிடித்து அந்தப் பாவாடையைத் தோய்த்தாள். மாற்றுடுப்பு இல்லாததால் அது கிழியும்வரை அவளே உடுத்தினாள்.

துஷ்யந்தன் விசைப்பலகையைத் தள்ளி வைத்தான்.

“அக்கா, இதைப் போட்டா அந்த மனுசி அழுதிடும்.”

“அழுதா வேலை தருமோ?”

“தராட்டியும் மறக்காது.”

“இதை நான் ஒருக்கா எழுதிக் குடுத்தனான், அகதி வழக்குக்கு. பிறகு ஒரு வெள்ளைக்காரன் மேசைக்கு அங்கால இருந்து பாவாடை என்ன நிறம் எண்டு மூண்டு தரம் கேட்டவன். போதும். அந்த மனுசி என்னட்டைக் கேட்டது தன்ர வேலையைப் பற்றி.”

“அப்ப என்னதான் எழுதுறது?”

“கேட்ட கேள்விக்குப் பதில்.”

“அது நன்றிக் கடிதமில்லையே அக்கா.”

“நன்றியும் எழுதுவன்.”

அவன் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கவில்லை. “வைச்சிருங்கோ. முகவரி எழுதுற விதத்தைப் பாத்தாவது எழுதுங்கோ” என்றான். அது நல்ல யோசனைதான். அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

அன்றிரவு அவள் வீட்டுக்குப் போனபோது வாமதேவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தான். வெளுத்துப்போன முகம். படியில் தனியே ஏறி வந்தீர்களா, யாரும் பிடித்தார்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான். மேசையில் இருந்த மருந்துகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு பழைய சீட்டின் பின்பக்கத்தில், செவ்வாய்க்கிழமை அந்த அறையில் கண்டதையெல்லாம் எழுதினாள். பெரிய மெசின்கள் இரண்டு, அதில் ஒன்று வேலை செய்யவில்லை. பெயரில்லாத காலுறைகளுக்கென்று நீலப் பெட்டி, அது நிரம்பி வழிந்தது. சூட்டில் ஒட்டும் பெயர்ப்பட்டிகள் உலர்த்தும் மெசினில் கழன்றுவிடுவதாக மர்கரீத் குறைப்பட்டது. கையை மேலே தூக்க முடியாத ஒரு மூதாட்டியின் சட்டை, முதுகுப்பக்கம் வெட்டித் திறந்து, மூன்று பொத்தான் வைத்திருந்தது. அந்த மூதாட்டி இருந்தபடியே அதை உடுத்தலாம். அதை மர்கரீத் தானே தைத்ததாகச் சொன்னபோது அவளுடைய குரல் மாறியது.

இவற்றில் எதைச் சொல்வது, எதை விடுவது? காலுறைப் பெட்டியைச் சொன்னால் குறை சொல்வதுபோல் இருக்கும். வேலை செய்யாத மெசின் அவளுக்குரிய விசயமில்லை. முதுகு திறந்த சட்டையைச் சொல்லலாம். அது மர்கரீத்தின் வேலை. அதை ஒருவர் கவனித்தார் என்று அவளுக்குத் தெரியட்டும். பெயர்ப்பட்டியைச் சொல்லலாம், அதற்குத் தன்னிடம் ஒரு வழி இருந்தது.

பிரெஞ்சுச் சொற்களில் ஐயம் வந்தபோதெல்லாம் இல்லத்தில் தந்த சிறு கையேட்டைத் திறந்து பார்த்தாள். ‘குடும்பம்’, ‘உடுப்பு’, ‘இங்கே வசிப்பவர்’ எல்லாம் அதில் அச்சில் இருந்தன. எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினாள். தெரியாத சொல் வந்தால் அந்த வசனத்தையே விட்டுவிட்டு, தெரிந்த சொற்களால் இன்னொன்று எழுதினாள். இப்படி எழுதும்போது வசனங்கள் கட்டையாகின. கட்டையாக இருப்பது நல்லதாகவும் தெரிந்தது.

“என்னத்தை இவ்வளவு நேரம் எழுதுறீர்?” வாமதேவன் கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

“பதினாறு வசனம்.”

“பதினாறு வசனத்துக்கு ஒரு இரவோ? நான் இந்தப் பொத்தல் கையாலேயே எழுதி முடிச்சிருப்பன்.”

“நீங்கள் எழுதினா லட்டையும் சேர்த்து எழுதுவீங்கள்.”

“வாசியும் பாப்பம்.”

அவள் தமிழில் சொல்லிக்காட்டினாள்.

“மதாம் மர்கரீத், செவ்வாய்க்கிழமை காலை எனக்கு நேரம் தந்ததற்கும், துணி அறையை நீங்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதற்கும் நன்றி. முதுகுப்பக்கம் திறக்கும் சட்டையை நான் இதற்கு முன் கண்டதில்லை. பொத்தானை ஓரத்தில் வைத்திருந்தீர்கள், படுக்கும்போது குத்தாது. அதை நான் கற்றுக்கொண்டேன். ஒட்டும் பெயர்ப்பட்டி கழல்வதாகச் சொன்னீர்கள். நாலு பக்கமும் தைத்தால் கழலாது, நான் கடையில் அப்படித்தான் செய்கிறேன்.

இறந்தவரின் உடுப்புப் பற்றிக் கேட்டீர்கள். எறிவேன் என்று சொன்னேன். அது பிழையான பதில். தோய்த்து, மினுக்கி, கிழிசல் இருந்தால் தைத்து, மடித்து வைப்பேன். எத்தனை என்று எழுதுவேன். பெயர் எழுதிய பையில் போடுவேன், குப்பைப் பையில் போடமாட்டேன். குடும்பம் வரும்வரை உங்களிடம் கொடுத்து வைப்பேன். வராவிட்டால் என்ன செய்வது என்று உங்களிடம் கேட்பேன்.

நான் இந்த வேலையைச் செய்ய விரும்புகிறேன். காலை ஏழு மணிக்கு வர என்னால் முடியும்.”

வாமதேவன் கண்ணைத் திறந்தான்.

“எனக்கு இந்தக் கிட்னி வருத்தம் எண்டு எழுதேல்லையோ?”

“இல்லை.”

“அதையெண்டாலும் எழுதியிருக்கலாம். இந்த வருத்தத்தால ஒரு பிரயோசனமாவது இருந்திருக்கும்.” அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு, “படுக்கும்போது குத்தாது எண்டது நல்லாயிருக்கு” என்றான்.

அவள் ஒரு நல்ல தாளில் அதைப் படியெடுத்தாள். கடிதத்தின் முடிவில் போடும் நீண்ட மரியாதை வசனத்தைத் துஷ்யந்தனின் தாளிலிருந்து எடுக்கலாமா என்று பார்த்து, அதில் பாதி விளங்காததால் விட்டு, ‘மரியாதையுடன்’ என்று மட்டும் எழுதிப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டாள். பிழை வந்தால் மாற்ற இருக்கட்டும் என்று இன்னொரு வெற்றுத்தாளையும் உறையோடு வைத்தாள். அது துணி வெட்டும்போது அவளுக்கிருந்த பழக்கம்.

வெள்ளிக்கிழமை ஜெயரட்ணத்திடம் பிந்தி வருவேன் என்று சொல்லிவிட்டு ஒபர்வில்லியே போகும் பஸ்ஸில் ஏறினாள். மழை பெய்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் ஈரக் குடையும் ஈர உடுப்பும் மணத்தன. வழியில் தொலைபேசி அடித்தது. தெரியாத எண். ஒரு இளம்பெண்ணின் குரல், இல்லத்தின் அலுவலகத்திலிருந்து. வந்ததற்கு நன்றி. உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பார்த்தோம். வேறு ஒருவரைத் தெரிவு செய்துள்ளோம். உங்கள் தேடலில் எல்லாம் நல்லபடி அமைய வாழ்த்துகிறோம். அந்தப் பெண் இதை ஒரே மூச்சில் சொன்னாள். கோசலை “நன்றி மதாம்” என்றாள். அதற்குள் மறுபக்கம் வைத்தாயிற்று.

அடுத்த பஸ் தரிப்பிடத்தில் இறங்கினாள். அது அவள் இறங்க வேண்டிய இடமில்லை. கூரைக்குக் கீழே உட்கார்ந்தாள்.

மூன்று மணி இல்லை. இனி எத்தனையோ செவ்வாயும் வியாழனும் சனியும், அவன் தனியே அந்தப் படியில் ஏறுவான். இன்னொரு தரம் அந்த அரபுக்காரப் பெண் வீட்டில் இருப்பாளா என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஒற்றைப் பதிலால் போனதா, பிரெஞ்சால் போனதா, வேறு நல்ல ஆள் வந்ததால் போனதா? அதையும் யாரும் சொல்லப்போவதில்லை.

வசந்தரூபிக்குத் தொலைபேசி எடுத்தாள். செவ்வாய்க்கிழமை எண் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, எனக்கும் இப்பதான் சொன்னவள். இல்லையாம்” என்றாள் வசந்தரூபி. பின்னால் குழந்தை அழும் சத்தம். “துஷ்யந்தன்ர கடிதத்துக்கு ஒரு பதிலுமில்லை. தோட்டம் அழகு எண்டெல்லாம் எழுதினான் மனுசன். அங்கை எங்க அக்கா தோட்டம்? அனுப்பின பிறகுதான் எனக்கே யோசனை வந்தது.”

“நான் வேறொண்டு எழுதினனான். கொண்டு போய்க்கொண்டிருந்தனான்.”

“இனி என்னத்துக்கு? திரும்பி வாங்கோ. மழையுக்கை நனைஞ்சுகொண்டு.”

“ஓம்” என்றாள் கோசலை.

ஆனால் எழுந்திருக்கவில்லை. உறையை எடுத்தாள், அது இன்னும் ஒட்டப்படவில்லை. தாளை விரித்து வாசித்தாள். முதல் பகுதி அப்படியே சரியாக இருந்தது. நேரம் தந்தது உண்மை. சட்டையைக் காட்டியது உண்மை. இரண்டாவது பகுதியும் சரி. வேலை போனாலும் அந்தப் பதில் அங்கே பிழையாகவே கிடக்கிறது. மர்கரீத்தின் தாளில், கோடிழுத்தபடி. கடைசி இரண்டு வசனம்தான் இப்போது பொருந்தாது. அவற்றை வெட்டிக் கோடு போட்டால் அசிங்கம்.

மற்றத் தாளை எடுத்தாள். கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் கையேட்டை வைத்து, முதலிலிருந்து மீண்டும் எழுதினாள். மூன்று பஸ் வந்து போயின. ஒரு சாரதி கதவைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடினான். கடைசிப் பகுதிக்கு வந்தபோது நின்று யோசித்தாள். ‘வருத்தமாக இருக்கிறது’ என்று எழுதலாம். எழுதவில்லை. ‘மறுபடி யோசியுங்கள்’ என்று எழுதலாம். அது மன்றாட்டு. துணி அறையில் இரண்டு பேர்தான் வேலை செய்வதாக மர்கரீத் சொல்லியிருந்தாள். ஒருவர் லீவில் போனால் மற்றவர் தனியே சமாளிப்பதாம்.

அவள் எழுதினாள்: “இன்று காலை உங்கள் அலுவலகம் தொலைபேசியில் முடிவை அறிவித்தது. லீவு நாட்களில் பதிலுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டால் நான் வருவேன். ஒரு நாள் என்றாலும் வருவேன்.”

பிறகு ‘மரியாதையுடன்’, பெயர், எண். வாசித்தாள். மழைத்துளி ஒன்று திகதிக்குப் பக்கத்தில் விழுந்து பரவியது. தாள் இனி இல்லை. கைக்குட்டையால் மெதுவாக ஒற்றினாள். திகதி வாசிக்கக்கூடியதாக இருந்தது. உறையில் இட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள். மிச்சத் தூரத்தை நடந்தாள்.

இல்லத்தின் முன் வாசலில், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கையை நீட்டினாள். காலையில் தொலைபேசியில் பேசிய குரல்தான். கோசலை பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் முகத்தில் ஒரு கலவரம் வந்தது. தகராறு பண்ண வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்கலாம்.

“முடிவு அதுதான் மதாம். நான் ஒன்றும் செய்ய இயலாது.”

“தெரியும். இது மதாம் மர்கரீத்துக்கு ஒரு கடிதம். அவ்வளவுதான்.”

“அவர் வேலையில் இருக்கிறார். என்னிடம் தரலாம்.”

அப்போது நடைவழியின் மறுபக்கத்தில் மின்தூக்கி திறந்தது. மர்கரீத், மடித்த துவாய்கள் அடுக்கிய ஒரு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோசலையைக் கண்டு நின்றாள். வண்டியின் சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு சுவரில் இடித்தது.

“உங்களுக்கு அறிவித்தார்கள்தானே?” என்றாள். குரலில் களைப்பிருந்தது, கோபமில்லை.

“ஓம் மதாம். அறிவித்தார்கள்.”

“நான் சொல்லியிருக்க வேண்டும். நேரம் கிடைக்கவில்லை.” மர்கரீத் உறையைப் பார்த்தாள். “இது முறைப்பாடா?”

“இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு நன்றி. அன்றைக்கு ஒரு பதில் பிழையாகச் சொன்னேன். அதையும் எழுதியிருக்கிறேன்.”

மேல் மாடியில் யாரோ மணி அடித்தார்கள். மர்கரீத் மேலே பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள். அவளுடைய வலது கை ஈரமாக இருந்தது. அதை ஏப்ரனில் துடைத்தாள்.

கோசலை உறையை நீட்டினாள். மர்கரீத் அதை வாங்கிக்கொண்டாள்.